கணக்கு டீச்சரைப் பார்க்க இடம் கிடைக்குமா?

எட்டாம் வகுப்புக்கு நான்கு செக்‌ஷன்கள். செக்‌ஷனுக்கு நாற்பது பேர் வீதம் 160 பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேருக்குக் கணக்குப் பாடம் எடுப்பவர் ஒரே டீச்சர். சனிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் மதியம் ஒரு மணி வரை பெற்றோர் சந்திப்பு என்று டைரியில் சீட்டு ஒட்டி அனுப்புகிறது பள்ளி. அன்று 80 குடும்பங்களும் அந்த ஒரு டீச்சரைப் பார்க்க வந்தால் என்ன ஆகும்?

ஒரு குடும்பத்துடன் பேச ஐந்து நிமிடம் ஆகும். எழுந்து போகிறவர் போய், அடுத்தவர் வந்து உட்கார ஒரு நிமிடம். ஆக ஆறு நிமிடம். எண்பது குடும்பங்களுக்கு 480 நிமிடம், அதாவது எட்டு மணி நேரம். பள்ளி ஒதுக்கியிருப்பதோ நான்கு மணி நேரம். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் டீச்சர் உட்கார்ந்தாலும் நாற்பது குடும்பங்களுக்கு மேல் பார்க்க முடியாது. சமூக அறிவியலும் தமிழும் எடுப்பவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். நான்கு செக்‌ஷனுக்கும் அவர்களே போகிறார்கள் என்றால் 160 குடும்பங்கள், பதினாறு மணி நேரம்.

தனியார் பள்ளிகளில் பி.டி.எம். என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் நெரிசலின் காரணம் இதுதான். ஒரு மேஜையைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் தோளுக்கு மேலாக இன்னொருவர் ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டை நீட்டுவார். பிள்ளையின் மதிப்பெண்ணை அறிமுகமில்லாத பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதற்குத் தீர்வாகப் பல பள்ளிகள் இப்போது ஸ்லாட் முறைக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொரு டீச்சரின் நேரத்தையும் துண்டு துண்டாகப் பிரித்து, பெற்றோர் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளும் முறை இது. கூட்டம் குறைகிறது, கூச்சல் குறைகிறது. ஆனால் நாற்பது இடம் நாற்பதாகவே இருக்கிறது. அந்த நாற்பதில் யார் உட்காருவது என்பதைப் பதிவு முறைதான் தீர்மானிக்கிறது. பெரும்பாலான பள்ளிகள் இதை யோசித்து முடிவு செய்வதில்லை. லிங்க் அனுப்பிவிட்டால் தானாக நடந்துவிடும் என்று விட்டுவிடுகின்றன.

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 24-ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. அதே சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தையும் வைக்கிறது. காகிதத்தில் பார்த்தால் 35 குடும்பங்களைச் சந்திப்பது பெரிய வேலையாகத் தெரியாது. ஆனால் அது பள்ளியிலுள்ள எல்லா ஆசிரியரையும் எல்லா மாணவரையும் வைத்துப் போடும் கணக்கு. பாடத்துக்கு ஒருவர் என்று பிரிந்து, ஒவ்வொருவரும் பல செக்‌ஷனுக்குப் போகும்போது, அந்த விகிதம் சரியாக இருக்கும் பள்ளியிலேயே ஒரு பாட ஆசிரியரின் தலையில் எண்பதும் நூற்றறுபதும் வந்து விழும். தொடக்க வகுப்புகளில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லாததற்கும் இதுவே காரணம். மூன்றாம் வகுப்பில் கிளாஸ் டீச்சரே முக்கியப் பாடங்களை எடுக்கிறார் என்றால், அவருக்கு நாற்பது குடும்பங்கள்தான். ஒரு காலையில் முடிந்துவிடும்.

நமது எட்டாம் வகுப்புக்கே வருவோம். கணக்குக்கு இரண்டு பேர், அறிவியலுக்கு இரண்டு பேர், ஆங்கிலத்துக்கு இரண்டு பேர், தமிழ், இந்தி, சமூக அறிவியல் ஒவ்வொன்றுக்கும் ஒருவர். மொத்தம் ஒன்பது ஆசிரியர்கள். ஆளுக்கு நாற்பது இடத்தில், மணிக்கு ஒன்றாக நான்கு இடத்தைக் காலியாக விட்டுவைப்பது நல்லது. ஏன் என்பதைப் பிறகு பார்க்கலாம். மிச்சம் 36. ஒன்பது பேருக்கும் சேர்த்து 324 சந்திப்புகள். 160 குடும்பங்களும் ஆறு பாடத்துக்கும் ஆசிரியரைப் பார்க்க நினைத்தால் 960 வேண்டும். இருப்பது மூன்றில் ஒரு பங்குதான். சமமாகப் பகிர்ந்தால் குடும்பத்துக்கு இரண்டு சந்திப்பு கிடைக்கும்.

அந்த இரண்டும் எல்லா மேஜைக்கும் சமமாகப் பரவுவதில்லை. பெரும்பாலானோர் கணக்கு டீச்சரைத்தான் முதலில் கேட்பார்கள், அடுத்து அறிவியல். சமூக அறிவியல் ஆசிரியரின் மேஜை பாதி நேரம் காலியாக இருக்கும். பள்ளியின் பற்றாக்குறை முழுவதும் இரண்டு மூன்று மேஜைகளில் குவிந்திருக்கிறது. பதிவு முறையை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை அந்த மேஜைகள்தான்.

பழக்கத்தில் இருக்கும் முறை, முந்தியவருக்கே இடம். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பதிவு திறக்கும் என்று செய்தி வரும். ஆறு மணிக்குக் கையில் போனும் நல்ல சிக்னலும் உள்ளவர்கள் கணக்கு டீச்சரின் காலை இடங்களைப் பிடித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் மில்லில் ஷிஃப்டில் இருக்கும் அம்மா, இரவு ஏழு மணிக்குக் கடையை அடைக்கும் அப்பா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஆகியோர் போனைத் திறக்கும்போது எதுவும் மிச்சமிருக்காது. பள்ளியில் பதிந்திருக்கும் எண் அப்பாவுடையதாக இருந்து, அப்பா துபாயில் வேலை செய்கிறார் என்றால், செய்தி அங்கே போய், அவர் பார்த்து, வீட்டுக்குச் சொல்லி முடிப்பதற்குள் பதிவு மூடிவிடும். பிள்ளையின் படிப்பைப் பற்றி ஏற்கெனவே டீச்சரோடு தொடர்பில் இருக்கும் வீடுகளுக்கே மறுபடியும் இடம் போகிறது. டீச்சர் யாரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறாரோ, அந்த வீடு பட்டியலில் இருப்பதே இல்லை.

கருவிகளும் சேர்ந்து காலை வாருகின்றன. வாட்ஸ்அப் குழுவில் கிளாஸ் டீச்சர் நேரப் பட்டியலைப் போட்டு, அதை நகலெடுத்துத் தன் பிள்ளை பெயரைச் சேர்த்துத் திருப்பி அனுப்பச் சொல்வார். ஒரே நிமிடத்தில் இரண்டு பேர் பழைய பட்டியலை நகலெடுத்தால், பிறகு அனுப்பியவரின் பட்டியலில் முந்தையவரின் பெயர் இருக்காது. மூன்றாமவர் அந்தக் கடைசிப் பட்டியலை எடுத்துத் தொடர்வார். பெயர் தொலைந்தவருக்கு அது சனிக்கிழமை காலையில்தான் தெரியும். கூகுள் ஃபார்மில் நேரங்களைத் தெரிவுகளாகக் கொடுத்தால் இன்னொரு சிக்கல். ஒருவர் 9.30-ஐத் தேர்ந்தெடுத்த பிறகும் அது அடுத்தவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். எடுக்கப்பட்ட நேரத்தைத் தானாக மறைக்கும் வசதி அதில் இயல்பாகக் கிடையாது, தனியாக ஒரு துணைக் கருவியைச் சேர்க்க வேண்டும். அது தெரியாமல் அனுப்பினால் 9.30-க்கு ஐந்து குடும்பம் வந்து நிற்கும். இதற்கென்றே உள்ள செயலிகளில் இந்த இரண்டு குறையும் இல்லை. ஆனால் முந்தியவருக்கே இடம் என்ற விதியை வைத்துக்கொண்டு எந்தச் செயலியை வாங்கினாலும், மேலே சொன்ன அம்மாவுக்கும் பாட்டிக்கும் இடம் கிடைக்காது.

இன்னொரு குறை உண்டு. அவ்வளவு எளிதில் கண்ணில் படாது, ஆனால் அதுதான் முக்கியமானது. பெற்றோர் தாங்களாகவே நேரம் பிடிக்கும்போது, இடம் இருந்தும் இல்லாமல் போகும்.

ஒரு சின்ன உதாரணம். கணக்கு டீச்சரிடம் இரண்டு இடம்: 9.00, 9.06. அறிவியல் டீச்சரிடமும் அதே இரண்டு. கவினின் வீட்டார் இருவரையும் பார்க்க வேண்டும். நிலாவின் வீட்டாருக்குக் கணக்கு டீச்சர் மட்டும். இர்ஃபானின் வீட்டாருக்கு அறிவியல் டீச்சர் மட்டும். மொத்தம் நான்கு சந்திப்பு, நான்கு இடம். பதிவு திறந்ததும் நிலாவின் அப்பா கணக்கு டீச்சரின் 9.00-ஐ எடுத்துக்கொள்கிறார். இர்ஃபானின் அம்மா அறிவியல் டீச்சரின் 9.00-ஐ எடுத்துக்கொள்கிறார். இருவருமே தவறு எதுவும் செய்யவில்லை. மிச்சம் இருப்பது இரண்டு டீச்சரிடமும் 9.06. கவினின் அம்மா ஒரே நேரத்தில் இரண்டு மேஜையில் உட்கார முடியாது. ஒரு டீச்சரை விட வேண்டியதுதான், அந்த இடமும் வீணாகப் போகும். நிலா வீட்டாருக்கு 9.06 என்று கொடுத்திருந்தால், கவின் வீட்டார் 9.00-க்குக் கணக்கு, 9.06-க்கு அறிவியல் என்று முடித்திருப்பார்கள். நான்கு சந்திப்பும் நடந்திருக்கும்.

மூன்று குடும்பத்திலேயே இப்படி என்றால் 160 குடும்பத்தில் இந்த ஓட்டைகள் எத்தனை விழும் என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டையில் விழுகிறவர் எப்போதும் இரண்டு மூன்று ஆசிரியரைப் பார்க்க வேண்டியவராகவே இருக்கிறார். ஒரே ஒரு பாடத்தில் சந்தேகம் உள்ள வீட்டுக்கு எந்த நேரமும் சரிப்படும். பல பாடத்தில் தடுமாறும் பிள்ளையின் வீட்டுக்குத்தான் நேரம் முட்டுகிறது.

இந்தக் கணக்குக்கு 1916-லேயே விடை வந்துவிட்டது. ஹங்கேரியக் கணித அறிஞர் டேனெஷ் கேனிக் அந்த ஆண்டு வெளியிட்ட ஒரு தேற்றம், பெற்றோர் சந்திப்புக்கு அப்படியே பொருந்தும். ஒரு பக்கம் ஆசிரியர்கள், மறு பக்கம் குடும்பங்கள். யார் யாரைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் கையில் இருக்கிறது. ஒவ்வொரு சந்திப்பும் ஒரே அளவு நேரம். யாரும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அப்படியானால் எல்லாச் சந்திப்பையும் முடிக்க எத்தனை இடம் வேண்டும்? மிக நீளமான பட்டியல் யாருடையதோ, அந்தப் பட்டியலில் எத்தனை பேரோ, அத்தனை இடம் போதும். கணக்கு டீச்சரின் பட்டியலில் 36 குடும்பம், மற்ற எட்டு ஆசிரியர்களுக்கும் அதற்கு மேல் இல்லை என்றால், 36 இடத்துக்குள் ஒரு மோதலும் இல்லாமல் அத்தனை பேருக்கும் நேரம் கொடுத்துவிடலாம். கட்டாயம் முடியும் என்று கேனிக் நிரூபித்திருக்கிறார்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பட்டியல் முழுவதும் முதலில் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொருவராக வந்து நேரம் பிடித்துக்கொண்டே போனால் இந்த உறுதி இல்லை. ஆகவே பள்ளி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “யாரைப் பார்க்க வேண்டும்?” என்பதுதான். “எத்தனை மணிக்கு?” என்பதைப் பெற்றோர் பிடிக்க வேண்டாம், பள்ளி கொடுக்கட்டும். இந்த ஒரு வரிசை மாற்றத்திலேயே பாதிப் பிரச்சினை தீர்கிறது.

செய்யும் விதம் இப்படி. சந்திப்புக்குப் பத்து நாள் முன்னால் ஒவ்வொரு பாட ஆசிரியரும் தாம் பார்த்தே ஆக வேண்டிய குடும்பங்களின் பெயரைத் தருகிறார். மதிப்பெண் குறைவு மட்டும் இதற்குக் காரணம் ஆகாது. போன தேர்வில் எழுபது எடுத்தவன் இப்போது நாற்பத்தைந்துக்கு வந்தது, அடிக்கடி திங்கட்கிழமை வராமல் இருப்பது, நோட்டு முழுமையாக இருந்தும் பரீட்சைத் தாள் வெறுமையாக இருப்பது ஆகியவையும் வரும். கணக்கு டீச்சரின் எண்பதில் இப்படிப் பன்னிரண்டு பெயர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு முதலில் இடம் உறுதி.

அதே வாரத்தில் எல்லா வீட்டுக்கும் டைரி வழியாக ஒரு தாள் போகிறது. போனிலும் அனுப்பலாம், ஆனால் தாளும் போக வேண்டும். அதில் மூன்றே கேள்விகள். முதலில் பார்க்க விரும்பும் ஆசிரியர் யார், இரண்டாவது யார்? எந்த நேரத்தில் வரவே முடியாது? வேறு வகுப்பில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இருக்கிறார்களா? எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஒரு வரி எழுத இடம் விடலாம், கட்டாயமாக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் அந்த ஒரு வரியைக் கேட்கவே கூடாது. “பையன் வீட்டில் பேசுவதே இல்லை” என்று ஓர் அம்மா நூறு பேர் முன்னால் எழுத மாட்டார்.

தாள்கள் திரும்பி வருகின்றன. கணக்கு டீச்சரை 58 குடும்பம் கேட்டிருக்கிறது, டீச்சர் கேட்ட பன்னிரண்டும் அதில் அடக்கம் என்று கொள்வோம். இடம் 36. பன்னிரண்டு போக 24. அதற்கு 46 பேர். இங்கேதான் பள்ளி ஒரு விதியை எடுத்து, அதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். போன முறை இந்த டீச்சரைப் பார்க்க இடம் கிடைக்காதவர்களுக்கு முதலிடம். அதற்குப் பிறகும் மிஞ்சினால், அவரை முதல் விருப்பமாக எழுதியவர்கள். அதற்குப் பிறகு குலுக்கல். குலுக்கலை யாரும் விரும்புவதில்லை. ஆனால் வியாழக்கிழமை ஆறு மணிக்கு யார் கையில் போன் இருந்தது என்பதும் ஒரு வகைக் குலுக்கல்தான், அதில் சிலர் பெயரைப் போடுவதே இல்லை என்பதுதான் வித்தியாசம். வெளிப்படையாக எடுக்கும் சீட்டு அதைவிட நியாயமானது.

மீதி 22 குடும்பத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. அடுத்த பத்துப் பள்ளி நாட்களில், நாளுக்கு இரண்டு அல்லது மூன்று பேராக, டீச்சருக்கு வகுப்பில்லாத பீரியடிலோ வீட்டாருக்கு வசதியான நேரத்திலோ ஐந்து நிமிடம் போனில் பேசலாம். மில் ஷிஃப்டிலும் கடையிலும் வேலை செய்பவர்களுக்கு இதுவே நேரில் வருவதைவிடச் சுலபம். ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டியதில்லை. இதற்குப் பள்ளியின் போனைத்தான் பயன்படுத்த வேண்டும். டீச்சரின் சொந்த எண் எண்பது வீட்டுக்குப் போனால், இரவு பத்து மணிக்கும் அவருக்கு அழைப்பு வரும். சனிக்கிழமை நான்கு மணி நேரம் உட்காரும் ஆசிரியருக்கு அதற்கு ஈடாக விடுப்பும், போன் பேசும் பீரியடுக்கு வேறு வேலையில் குறைப்பும் தர வேண்டும். அதைத் தராத பள்ளியில், அடுத்த முறை டீச்சர்கள் பார்த்தே ஆக வேண்டியவர்கள் பட்டியலை இரண்டு பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இனி நேரம் கொடுக்கும் வேலை. ஒன்பது கட்டம் அகலமும் நாற்பது கட்டம் நீளமும் உள்ள ஒரு சார்ட் பேப்பர் போதும். எக்செல் தெரிந்தவர்கள் அதிலேயே செய்யலாம். மணிக்கு ஒரு வரிசையை, அதாவது 9.54, 10.54, 11.54, 12.54 ஆகியவற்றை, முதலிலேயே அடித்துவிட வேண்டும். பட்டியல் நீளமாக உள்ள கணக்கு டீச்சரிடமிருந்து தொடங்கி, நேரக் கட்டுப்பாடு உள்ளவர்களையும் இரண்டு சந்திப்பு கேட்டவர்களையும் முதலில் எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஓர் இடம் விட்டால் நடந்து போக நேரம் கிடைக்கும். ஒரே சந்திப்பு கேட்டவர்கள் கடைசியில் எங்கே வேண்டுமானாலும் பொருந்துவார்கள். எங்காவது முட்டினால், ஏற்கெனவே எழுதிய ஒரு குடும்பத்தை வேறு நேரத்துக்கு நகர்த்த வேண்டும், அது இன்னொருவரோடு மோதினால் அவரையும் நகர்த்த வேண்டும். இப்படி மாற்றிக்கொண்டே போனால் தீரும், கேனிக்கின் தேற்றத்தை நிரூபிக்கும் வழியே அதுதான். பெற்றோர் வர முடியாத நேரங்கள் அதிகமாக இருந்தால் தேற்றத்தின் உறுதி தளரும். அப்போது மோதுகிற சிலரைப் போன் பட்டியலுக்கு மாற்றுவதே வழி. வேலை தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடிகிற வேலை இது.

பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீட்டு. நேரம், டீச்சரின் பெயர், அறை எண். அவ்வளவுதான். டீச்சரே அழைத்த பன்னிரண்டு குடும்பங்களுக்குச் சீட்டு போதாது. கிளாஸ் டீச்சர் போன் செய்து, “மிஸ் உங்களைப் பார்த்துப் பேச நினைக்கிறாங்க, சனிக்கிழமை 9.36-க்கு வர முடியுமாங்க?” என்று கேட்க வேண்டும். “உங்க பையன் ரொம்ப வீக், கண்டிப்பா வரணும்” என்று தொடங்கினால் பல வீட்டில் அன்று யாருக்காவது காய்ச்சல் வந்துவிடும். திட்டு வாங்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு யாரும் அரை நாள் லீவு போட்டு வருவதில்லை.

சனிக்கிழமை வந்துவிட்டது. இப்போது கெடுப்பது ஒன்றே ஒன்று, நீளும் பேச்சு. ஆறு நிமிடத்துக்குப் பதில் ஒவ்வொருவரும் ஏழு நிமிடம் எடுத்தால் முதல் குடும்பத்துக்கு ஒன்றும் தெரியாது. நாற்பது இடத்தையும் இடைவெளி இல்லாமல் நிரப்பியிருந்தால், கடைசிக் குடும்பம் 39 நிமிடம் தாமதமாக உள்ளே போகும். காத்திருப்பு மட்டும் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கணக்கு டீச்சரிடம் காத்திருப்பவர் அறிவியல் டீச்சரிடம் தன் நேரத்தைத் தவறவிடுகிறார், அங்கே வரிசை குலைகிறது, அது மூன்றாவது மேஜைக்குப் பரவுகிறது. பதினொரு மணிக்குள் பள்ளி பழைய நெரிசலுக்கே திரும்பிவிடும், கையில் சீட்டு வைத்திருப்பவர்களின் கோபம் மட்டும் கூடுதலாக இருக்கும். மணிக்கு ஓர் இடத்தைக் காலியாக விட்டது இதற்காகத்தான். அதே ஒரு நிமிட நீட்சி இருந்தாலும், காலி இடங்கள் தாமதத்தை விழுங்கிக்கொண்டே வருவதால் கடைசிக் குடும்பத்தின் காத்திருப்பு 17 நிமிடத்தில் நின்றுவிடும்.

பிரிட்டனின் உயர்நிலைப் பள்ளிகளில் மாலை நேரப் பெற்றோர் சந்திப்புகளுக்கு ஐந்து நிமிட இடம் என்பது நெடுநாள் வழக்கம். 2020-இல் கொரோனாவால் அந்தச் சந்திப்புகள் வீடியோ அழைப்புக்கு மாறின. பல பள்ளிகள் பயன்படுத்திய செயலியில், மிச்ச நேரம் திரையில் ஓடும். நேரம் முடிந்ததும் அழைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டு, அடுத்த பெற்றோர் திரையில் வருவார். தாமதம் என்ற பிரச்சினையே அங்கே எழவில்லை. ஆனால் ஒரு தாய் தயங்கித் தயங்கி முக்கியமான விஷயத்துக்கு வரும் நொடியில் திரை மறைந்துவிடுவதும் நடக்கும். நேரில் சந்திக்கும் பள்ளிக்கு அவ்வளவு கடுமை வேண்டாம். நான்காவது நிமிடம் முடியும்போது தாழ்வாரத்தில் ஒருவர் மணி அடித்தால் போதும். நீண்ட பேச்சு வேண்டிய விஷயம் என்று தெரிந்தால், டீச்சர் அங்கேயே நோட்டில் குறித்து, அடுத்த வாரம் தனியாக இருபது நிமிடம் கொடுக்க வேண்டும். வீட்டில் அப்பா அம்மா பிரிந்திருப்பது, பிள்ளை பள்ளிக்கு வர அழுவது போன்றவற்றை ஐந்து நிமிடத்தில் பேசக் கூடாது, பேச முயலவும் கூடாது.

சரி, முறை வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லா இடமும் நிரம்பியது, கூட்டம் இல்லை, ஒரு மணிக்கு முடிந்தது என்று பள்ளிகள் திருப்திப்படுவதுண்டு. அது போதாது. ஆசிரியர்கள் பெயர் கொடுத்த குடும்பங்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண வேண்டும். பன்னிரண்டில் ஐந்து பேர்தான் வந்தார்கள் என்றால், நாற்பது நாற்காலியும் நிரம்பியிருந்தாலும் அந்தச் சந்திப்பு தவறிவிட்டது. வராத ஏழு பேருக்கும் திங்கட்கிழமையே போன் போக வேண்டும். கேட்டும் கிடைக்காத 22 பேரின் பட்டியலைக் கோஆர்டினேட்டர் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும், அடுத்த பருவத்தில் அவர்களுக்குத்தான் முதலிடம். ஒரு குறிப்பிட்ட டீச்சரின் பட்டியல் மட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்காக வந்தால், அவருக்கு இரண்டு சனிக்கிழமை தேவை, அல்லது அந்தப் பாடத்துக்கு இன்னொரு ஆசிரியர் தேவை. நிர்வாகத்திடம் அதைக் கேட்பதற்கு இந்தத் தாள்களைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

அடுத்த பெற்றோர் சந்திப்புக்கான அறிவிப்பு உங்கள் வீட்டுக்கு லிங்காகவோ வாட்ஸ்அப் பட்டியலாகவோ வந்தால், நேரத்தைப் பிடிப்பதற்கு முன் பள்ளியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். டீச்சர்கள் பார்க்க வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு முதலில் இடம் வைத்துவிட்டீர்களா? இடம் கிடைக்காதவர்களிடம் எப்போது பேசுவீர்கள்? உங்கள் பிள்ளை நன்றாகப் படித்து, டீச்சரிடம் குறிப்பாகக் கேட்க எதுவும் இல்லையென்றால், கணக்கு டீச்சரின் அந்த ஆறு நிமிடத்தை இந்த முறை இன்னொரு வீட்டுக்கு விட்டுக்கொடுங்கள்.